மகன் அறையில் கைத்தொலைபேசி ஏன் 2.4-ஐயே பிடித்துக்கொள்கிறது?

அகிலா_பொங்கோல் · திங்கள், இரவு 9.40

பொங்கோலில் நாலறை வீவக வீடு. இணையக் கம்பி முன்கதவுக்குப் பக்கத்தில், பாம் ஷெல்டர் சுவரை ஒட்டி வருகிறது. ரவுட்டரும் அங்கேதான். மகனின் அறை ஷெல்டருக்கு மறுபுறம், நடைபாதையின் கடைசியில் இருக்கிறது. ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம்.

மகன் இரவில் துணைப்பாட வகுப்பைக் காணொளியில் பார்க்கிறான். படம் உறைந்து உறைந்து நிற்கிறது. ஆனால் வைஃபை கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. இணைப்பு விவரத்தைத் திறந்து பார்த்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. நேற்று 5-க்குத் தனிப் பெயர் வைத்து, அதில் இணைத்துச் சோதித்தேன். கோடு இரண்டுதான், ஆனால் வேகம் பல மடங்கு. நான் எடுத்த அளவுகள்:

ரவுட்டர் இருக்கும் கூடத்தில்: 2.4-இன் சமிக்ஞை -38 dBm, 5-இன் சமிக்ஞை -45.
மகன் அறையில்: 2.4 -62, 5 -74.
அதே அறையில் இரவு பத்து மணிக்கு வேகம்: 2.4-இல் 18 மெகாபிட், 5-இல் 120 மெகாபிட்.

ஆறு மடங்கு வேகம் தரும் அலைவரிசை பக்கத்திலேயே இருக்கும்போது கைத்தொலைபேசி ஏன் மெதுவானதைத் தேர்ந்தெடுக்கிறது? அவனுடையது ஆண்ட்ராய்டு, என்னுடையது ஐஃபோன். என்னுடையது அதே அறையில் சில நாள் 5-இல் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை. இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

ஜூரோங்_தாத்தா · திங்கள், இரவு 9.58

அம்மா, உங்கள் இணையத் திட்டம் எத்தனை கிகாபிட்? நாங்கள் சென்ற மாதம் 10 கிகாபிட் திட்டத்துக்கு மாறினோம். கூடத்தில் மேசைக் கணினி பறக்கிறது. பேரப்பிள்ளைகளின் அறையில் மட்டும் முன்பு இருந்த வேகமே இருக்கிறது. திட்டத்தை மாற்றியபின் ஏதாவது அமைப்பைத் திறந்துவிட வேண்டுமா? உங்களுக்கும் அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

---

கண்ணன்_72 · திங்கள், இரவு 10.15

அகிலா, விடை எளிது. அதிர்வெண் கூடக் கூட அலை காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை காற்றின் ஈரப்பதத்திலேயே பாதி உறிஞ்சப்படுகிறது; சிங்கப்பூர்க் காற்றில் சொல்லவே வேண்டாம். அதனால்தான் உங்கள் மகன் அறைக்கு அது மெலிந்து வருகிறது, கைத்தொலைபேசி வலுவானதை எடுத்துக்கொள்கிறது. 2.4 தூரம் போகும், மெதுவானது. 5 வேகமானது, தூரம் போகாது. இரண்டில் ஒன்றைத்தான் பெறமுடியும்.

---

மின்னலை · திங்கள், இரவு 11.20

அலுவலகங்களில் வைஃபை அளந்து அமைப்பது என் தொழில். அகிலா அக்கா எண்களோடு வந்திருப்பதால் அவற்றை வைத்தே பேசுகிறேன்.

கண்ணன் அண்ணன் சொன்ன முடிவு சரி, காரணம் சரியில்லை. ஒரு வீட்டுக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து மீட்டர் காற்று, ஈரமாக இருந்தாலும், இந்த இரண்டு அலைவரிசைகளில் எதையும் அளந்து சொல்லும்படி உறிஞ்சுவதில்லை. கூடத்து அளவைப் பாருங்கள். அங்கே சுவர் கிடையாது, ரவுட்டர் கண்ணெதிரே இருக்கிறது. அப்படியும் 5 ஏழு டெசிபல் குறைவாக வருகிறது. அது ஆன்டெனாவின் கணக்கு. 2.4-இன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், 5-இன் அலைநீளம் 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆன்டெனாவை அலைநீளத்துக்கு ஏற்றபடிதான் செய்கிறார்கள். சிறிய ஆன்டெனா காற்றில் ஓடும் ஆற்றலைச் சிறிய பரப்பிலிருந்துதான் அள்ளும். அந்தப் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 5-இல் கைக்கு வருவது 2.4-இல் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஏழு டெசிபல். அக்கா அளந்ததும் அதேதான். ரவுட்டர் இரண்டையும் ஏறக்குறைய ஒரே சக்தியில் அனுப்புகிறது என்றும் இதிலிருந்து தெரிகிறது.

மகன் அறையில் வித்தியாசம் பன்னிரண்டாகிவிட்டது. கூடுதலாக வந்த அந்த ஐந்து டெசிபல்தான் சுவரின் வேலை. ஷெல்டர் சுவர் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட், கதவு எஃகு. கான்கிரீட் 2.4-ஐயும் தடுக்கும், 5-ஐ இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும். அலை பெரும்பாலும் ஷெல்டரைத் துளைத்துப் போவதில்லை. நடைபாதை வழியாகவும் மற்றச் சுவர்களில் பட்டுத் திரும்பியும்தான் அறைக்குப் போகிறது.

தாத்தா, உங்கள் திட்டத்தில் திறந்துவிட வேண்டியது எதுவும் இல்லை. 10 கிகாபிட் என்பது வெளியிலிருந்து ரவுட்டர் வரை வரும் கம்பியின் வேகம். ரவுட்டரிலிருந்து பேரப்பிள்ளைகளின் அறை வரை போகும் காற்றுவழி மாறவில்லை, அதனால் அங்கே வேகமும் மாறவில்லை. ரவுட்டர் எங்கே இருக்கிறது, இடையில் எத்தனை சுவர் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.

ஏன் மெதுவானதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை நாளை எழுதுகிறேன். அது நீளமானது.

---

நூருன்_ஈசூன் · செவ்வாய், காலை 7.05

எங்கள் வீட்டில் தலைகீழ்ச் சிக்கல். புதிதாக வாங்கிய மின்விசிறியை வைஃபையில் சேர்க்கவே முடியவில்லை. பெட்டியில் 2.4 மட்டும் என்று போட்டிருக்கிறது. கைத்தொலைபேசி 5-இலேயே நிற்கிறது. அதை 2.4-க்குத் தள்ளுவதற்கு வழி உண்டா? உங்கள் மகனின் கைத்தொலைபேசி என் வீட்டில் இருந்தால் எனக்கு வசதியாக இருக்கும்!

---

பிரகாஷ்_சிமெய் · செவ்வாய், காலை 8.30

நான் சொல்வதைக் கேளுங்கள். 2.4-ஐ அணைத்துவிடுங்கள். அது பழைய காலத்தது. இரண்டு கோடு வந்தாலும் 120 மெகாபிட் வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். கைத்தொலைபேசிக்கு வேறு வழி இல்லாமல் போனால் 5-ஐ எடுத்துத்தானே ஆகவேண்டும்?

நூருன், மின்விசிறியைச் சேர்க்கும்போது கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டி மின்தூக்கிப் பக்கம் போங்கள். 5 எட்டாமல் போனதும் அது தானாக 2.4-க்கு வரும். உடனே உள்ளே வந்து சேர்த்துவிடுங்கள்.

---

மின்னலை · செவ்வாய், மதியம் 1.10

பிரகாஷ் நூருனுக்குச் சொன்ன வழி வேலை செய்யும். அது ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் அகிலா அக்காவின் கேள்விக்கும் விடை இருக்கிறது.

எந்த அலைவரிசையில் இணைவது என்பதைத் தீர்மானிப்பது கைத்தொலைபேசி. ரவுட்டர் தீர்மானிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ரவுட்டர் பரிந்துரை செய்யலாம், 2.4-இல் பதில் சொல்லாமல் கொஞ்சம் தாமதிக்கலாம். கடைசிச் சொல் கைத்தொலைபேசியுடையது. அது வேகத்தைச் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பதும் இல்லை. இணையும் முன்பு வேகத்தை அளக்க வழி கிடையாது. கையில் இருப்பது, காதில் விழும் சமிக்ஞையின் வலு. அதிலிருந்து ஊகிக்கிறது.

ஆண்ட்ராய்டு 8, 9 பதிப்புகளின் திறந்த மூல நிரலில் இந்த ஊகம் வெளிப்படையாக இருந்தது. சமிக்ஞையின் எண்ணோடு 85-ஐக் கூட்டி நான்கால் பெருக்குவார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் 40 புள்ளி சலுகை. ஒரு டெசிபலுக்கு நான்கு புள்ளி என்றால் அந்தச் சலுகை பத்து டெசிபலுக்குச் சமம். அதாவது 5 பத்து டெசிபல் வரை பின்தங்கினாலும் அதையே எடு என்று பொருள். இப்போது அக்காவின் மகன் அறை:

```
2.4:  (-62 + 85) x 4       =  92
5:    (-74 + 85) x 4 + 40  =  84
```

எட்டுப் புள்ளியில், அதாவது இரண்டு டெசிபலில், 2.4 வென்றுவிட்டது. ஆன்டெனாவால் வந்த ஏழு டெசிபல் குறையைச் சலுகை தாங்கியிருக்கும். சுவர் தின்ற ஐந்தையும் சேர்த்துத் தாங்க முடியவில்லை. இப்போதைய பதிப்புகள் இந்தப் புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு, சேனலின் அகலம், ரவுட்டரின் தலைமுறை ஆகியவற்றையும் சேர்த்து எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று மதிப்பிடுகின்றன. தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி மாற்றியும் வைக்கிறார்கள். ஆனாலும் அது மதிப்பீடுதான்.

ஐஃபோனைப் பற்றி ஆப்பிள் நிறுவனமே வெளியிட்ட குறிப்பு இருக்கிறது. இணைந்திருக்கும் சமிக்ஞை -70-க்குக் கீழே இறங்கும்வரை அது வேறொன்றைத் தேடுவதே இல்லை. இறங்கியபின் தேடும்போது, தரவு ஓடிக்கொண்டிருந்தால் எட்டு டெசிபல், சும்மா இருந்தால் பன்னிரண்டு டெசிபல் கூடுதலாக இருப்பதற்கு மாறும். அக்கா, உங்கள் மகன் அறை அந்த -70 கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கைத்தொலைபேசியை எப்படிப் பிடிக்கிறீர்கள், கதவு திறந்திருக்கிறதா என்பதிலேயே மூன்று நான்கு டெசிபல் ஏறி இறங்கும். -69 என்றால் 5-இல் நிற்கும், -74 என்றால் போய்விடும். நீங்கள் கேட்ட ஒழுங்கு இதுதான்.

இதன் மறுபக்கம் இன்னும் தொல்லையானது. 2.4-க்குப் போன ஐஃபோனோடு நீங்கள் கூடத்துக்குத் திரும்பி வந்தால் 2.4 -38 என்று வலுவாக இருக்கும். அது -70-க்குக் கீழே போகப்போவதில்லை, ஆகவே தேட வேண்டிய கட்டாயமும் வராது. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவான அலைவரிசையில் இருப்பீர்கள். வைஃபையை அணைத்துத் திரும்பப் போட்டதும் வேகம் வந்துவிடுகிறது என்றால் நடந்தது இதுதான்.

---

அகிலா_பொங்கோல் · செவ்வாய், மாலை 6.45

அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதை என் கணவர் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். காரணம் இன்றுதான் விளங்கியது, மிக்க நன்றி தம்பி.

இன்னும் ஒன்று விளங்கவில்லை. 2.4-இன் சமிக்ஞை -62 என்பது நல்ல அளவு என்கிறார்கள். மகன் கைத்தொலைபேசியின் இணைப்பு விவரத்திலும் இணைப்பு வேகம் 144 என்று காட்டுகிறது. பிறகு 18 மெகாபிட் மட்டும் வருவது ஏன்? 5-இல் 260 என்று காட்டி 120 வருகிறது. அங்கே பாதி கிடைக்கிறது, இங்கே எட்டில் ஒரு பங்கு.

---

கண்ணன்_72 · செவ்வாய், இரவு 8.10

மைக்ரோவேவ் அடுப்பாக இருக்கலாம். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்குகிறது. இரவு பத்து மணிக்கு யாராவது சூடுபடுத்துகிறார்களா?

---

மின்னலை · செவ்வாய், இரவு 10.30

கண்ணன் அண்ணன் சொல்வது நடக்கக்கூடியதே, ஆனால் அடுப்பு ஓடும் சில நிமிடங்களோடு அது முடிந்துவிடும். அக்கா சொல்வது இரவு முழுவதும் நீடிக்கிறது.

அக்கா, நீங்கள் ஒப்பிட்ட அந்த இரண்டு எண்களையும் இந்த இழையைப் படிப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை தங்கள் கைத்தொலைபேசியில் பார்க்கவேண்டும். சமிக்ஞை மெலிந்ததால் வேகம் குறைந்தால் இணைப்பு வேகம் என்ற எண்ணே குறைந்துவிடும். கைத்தொலைபேசியும் ரவுட்டரும் மெதுவாகப் பேச ஒப்புக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். இணைப்பு வேகம் உயரமாக நின்று உண்மை வேகம் மட்டும் விழுந்தால், பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் 2.4 இரண்டாவது வகை. இது நெரிசல்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். மற்றவர் பேசுவது கேட்டால் காத்திருக்க வேண்டும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு, பக்கத்து வீடு என்று எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான். அலை தூரம் போகிறது என்று நாம் பாராட்டுகிறோமே, அந்தக் குணத்தால்தான் இந்த வினை. உங்கள் 2.4 மகன் அறைக்கு எளிதாகப் போகிறது. மேல் வீட்டுக்காரரின் 2.4-உம் அதே எளிமையோடு உங்கள் மகன் அறைக்கு வருகிறது. 5-ஐச் சுவரும் தளமும் தடுக்கின்றன. அதனால் உங்கள் 5 பெரும்பாலும் உங்களுக்கே கிடைக்கிறது. சேனல்களும் அங்கே நிறைய. அடுக்குமாடியில் சுவரைத் தாண்டாமை 5-க்குக் குறையாகவும் இருக்கிறது, காவலாகவும் இருக்கிறது.

விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் மகன் அறையில் வைத்து, கட்டளைச் சாளரத்தில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
netsh wlan show networks mode=bssid
```

உங்கள் 2.4 எந்த சேனலில் இருக்கிறதோ அதே சேனலில் எத்தனை வீட்டுப் பெயர்கள் வருகின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள். சமிக்ஞையை விழுக்காட்டில் காட்டும். 50 விழுக்காடு என்பது ஏறக்குறைய -75 என்று வைத்துக்கொள்ளலாம்.

---

அகிலா_பொங்கோல் · புதன், இரவு 9.15

ரவுட்டர் சேனல் 6-இல் இருக்கிறது. மகன் அறையில் சேனல் 6-இல் எங்களைச் சேர்க்காமல் பதினொரு பெயர்கள். சிலருடையது 70 விழுக்காடு. 5-இல் எங்கள் சேனலில் ஒரே ஒரு பெயர், அதுவும் 20 விழுக்காட்டுக்குள்.

---

மின்னலை · புதன், இரவு 10.05

பதினொன்று. இவர்கள் யாரும் எதையும் பதிவிறக்காமல் சும்மா இருந்தாலும் என்ன ஆகிறது என்று கணக்கிடுவோம். ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரை ஏறக்குறைய ஒரு வினாடிக்குப் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பழைய கருவிகளுக்கும் புரியவேண்டும் என்று, 2.4-இல் பல ரவுட்டர்கள் அந்த அறிவிப்பை மிக மெதுவான 1 மெகாபிட் வேகத்தில் அனுப்புகின்றன. 250 பைட் அளவுள்ள அறிவிப்புக்கு அந்த வேகத்தில் இரண்டு மில்லிவினாடிக்குச் சற்று மேல் பிடிக்கும். பதினொருவருக்கும் சேர்த்து, ஒவ்வொரு நூறு மில்லிவினாடியிலும் ஏறக்குறைய இருபத்து நான்கு. நேரத்தில் கால் பங்கு பெயர் சொல்வதிலேயே போய்விடுகிறது. எல்லாரும் 1 மெகாபிட்டில் அனுப்பினால் வரும் உச்சக் கணக்கு இது. சிலர் வேகமாக அனுப்பக்கூடும். அதற்கு மேல்தான் அவர்களுடைய காணொளிகள், உங்களுடைய வகுப்பு எல்லாம்.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. கோடுகளைப் பெரிதாகக் காட்டும் அந்தச் சின்னம் மக்களைத் தவறான பக்கம் பார்க்க வைக்கிறது. கோடு குறைகிறது என்று மேலும் சக்தி வாய்ந்த ரவுட்டர் வாங்குகிறார்கள். அது 2.4-இல் பக்கத்து வீட்டுக்காரரை இன்னும் காத்திருக்க வைக்கிறது. பிறகு அவரும் ஒன்று வாங்குகிறார்.

---

செல்வி_அங்மோகியோ · புதன், இரவு 10.50

மின்னலை, புதிய பதிப்புகள் வேகத்தை மதிப்பிடுகின்றன என்று எழுதினீர்கள். அப்படியென்றால் நெரிசலையும் கணக்கில் எடுக்கவேண்டாமா? என் கைத்தொலைபேசி இந்த ஆண்டு வாங்கியது. அதுவும் என் படுக்கையறையில் 2.4-க்குத்தான் போகிறது.

---

மின்னலை · புதன், இரவு 11.15

ரவுட்டர் தன் சேனல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அந்தப் பெயர் அறிவிப்போடு சேர்த்துச் சொல்ல இடம் உண்டு. சொன்னால் ஆண்ட்ராய்டு அதைக் கணக்கில் எடுக்கும். அலுவலக ரவுட்டர்கள் சொல்கின்றன. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் அது இல்லை, அல்லது அணைத்திருக்கிறது. அப்போது கைத்தொலைபேசி ஒரு பொது ஊகத்தை வைத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்று இங்கிருந்து சொல்லமுடியாது. அகிலா அக்கா போல இரண்டு அலைவரிசையின் அளவையும் எடுத்துப் போடுங்கள்.

---

பிரகாஷ்_சிமெய் · வியாழன், காலை 8.20

அதனால்தான் அணைத்துவிடுங்கள் என்றேன்.

---

நூருன்_ஈசூன் · வியாழன், காலை 8.45

அணைத்தால் என் மின்விசிறி என்ன செய்யும்? மின்தூக்கிப் பக்கம் போய் வந்து சேர்த்துவிட்டேன், இப்போது நன்றாக வேலை செய்கிறது. 2.4-ஐ யாரும் குறை சொல்லாதீர்கள்.

---

மின்னலை · வியாழன், மதியம் 12.40

நூருன் சொல்வது சரி. மின்விசிறிக்கு வேண்டியது சில எழுத்துகள் அளவு தரவு. அதற்கு நெரிசல் பொருட்டில்லை, எட்டினால் போதும். 2.4-க்கு இன்று பொருத்தமான வேலை அதுதான்.

அகிலா அக்கா, அணைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ரவுட்டர் அமைப்பில் அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் அனுப்பும் சக்தி என்று ஒரு தெரிவு இருக்கும். 2.4-ஐ மட்டும் உயர்விலிருந்து நடுத்தரத்துக்கு இறக்குங்கள். எத்தனை டெசிபல் இறங்கும் என்பது ரவுட்டருக்கு ரவுட்டர் வேறுபடும். ஆறு இறங்கினால் மகன் அறையில் 2.4 -68 ஆகும். மேலே போட்ட கணக்கில் அது 68 புள்ளி, 5 அதே 84. தேர்வு மாறிவிடும். ஐஃபோனுக்கும் 5 -74, 2.4 -68 என்றால் வித்தியாசம் ஆறுதான்; எட்டு இல்லாமல் அது தாவாது. கூடவே 2.4-இன் சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20-க்கு மாற்றுங்கள். இந்த நெரிசலில் அகலமாக உட்கார இடமில்லை.

---

கண்ணன்_72 · வியாழன், இரவு 9.00

அகலம் என்றதும் ஒன்று கேட்கிறேன். 5-இல் 80 அகலத்தை 40 ஆக்கினால் தூரம் கூடும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் சக்தியைக் குறைப்பதற்குப் பதிலாக அகிலா அதைச் செய்யலாமே?

---

மின்னலை · வியாழன், இரவு 10.20

நல்ல கேள்வி அண்ணா. தூரமும் வேகமும் ஒன்றையொன்று இழுப்பது இரண்டு அலைவரிசைகளுக்கு இடையே மட்டும் இல்லை, ஒரே அலைவரிசைக்குள்ளும் உண்டு. சேனல் அகலமாக இருந்தால் ஒரே நேரத்தில் கூடுதல் தரவு போகும். ஆனால் வாங்கும் பக்கம் அந்த அகலத்தில் இருக்கும் இரைச்சலையும் சேர்த்து வாங்கவேண்டும். அகலம் இரட்டித்தால் இரைச்சலும் இரட்டிக்கும், அதாவது மூன்று டெசிபல். ஆகவே 80-ஐ 40 ஆக்கினால் மூன்று டெசிபல் லாபம்.

அந்த லாபம் அக்காவின் மகன் அறையில் என்ன தரும்? இப்போது 260 என்று காட்டுகிறது. மூன்று டெசிபல் கூடினால் ஒரு படி நெருக்கமாகத் தரவை அடுக்கலாம், ஆனால் பாதை பாதியாகிவிடும். கணக்குப்படி 180 கிடைக்கும். இந்த அறையில் அது நஷ்டம். இணைப்பே அறுந்து அறுந்து வரும் இடத்தில்தான் அது லாபம். 80-இல் மிகக் கீழ்ப் படியில் நிற்கமுடியாமல் தவிக்கும் கைத்தொலைபேசி, 40-இல் தரித்து நிற்கும். பக்கத்து வீட்டு 5-உம் உங்கள் சேனலில் வலுவாக இருந்தாலும் குறைக்கலாம். அக்காவுக்கு இரண்டும் இல்லை.

---

அகிலா_பொங்கோல் · சனி, மாலை 5.30

2.4-இன் சக்தியை நடுத்தரத்துக்கு இறக்கினோம். மகன் அறையில் அது இப்போது -67. பெயரை மீண்டும் ஒன்றாக்கிவிட்டோம். இரண்டு இரவாக அவனுடைய கைத்தொலைபேசி 5-இல் நிற்கிறது, வகுப்பு உறையவில்லை. இணைப்பு வேகம் 234-க்கும் 260-க்கும் இடையே ஆடுகிறது.

ஆனால் புதிய குறை ஒன்று. சமையலறைக்கு அப்பால் துணி காயப்போடும் இடத்தில் இருக்கும் துவைக்கும் இயந்திரம் வைஃபையை இழந்துவிட்டது. அது 2.4 மட்டும் பிடிக்கும் வகை. முன்பே அங்கே -79 இருந்தது, இப்போது -84.

---

செல்வி_அங்மோகியோ · சனி, இரவு 7.10

அதற்குத்தான் பெயரைப் பிரித்து வைப்பதே மேல் என்று நான் சொல்வேன். 2.4-க்குத் தனிப் பெயர், முழுச் சக்தி, அதில் துவைக்கும் இயந்திரமும் விசிறியும் மட்டும். கைத்தொலைபேசிகளுக்கு 5-இன் பெயரை மட்டும் சொல்லிக்கொடுங்கள். 2.4-இன் கடவுச்சொல்லை அவற்றிலிருந்து நீக்கிவிடுங்கள். எது எங்கே இருக்கிறது என்று நாமே முடிவு செய்யலாம்.

---

மின்னலை · சனி, இரவு 8.45

செல்வி அக்காவோடு இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பெயரைப் பிரித்தால், 5 எட்டாத இடத்தில் கைத்தொலைபேசிக்குப் போக்கிடம் இருக்காது. அகிலா அக்கா வாசலைத் தாண்டி மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது அழைப்பு வைஃபையில் இருந்தால், 2.4-இல் சிறிது நேரம் ஓடியிருக்கும். பிரித்தபின் அது அறுந்துதான் கைத்தொலைபேசிக் கட்டமைப்புக்கு மாறும். ஆனால் இந்த வீட்டுக்கு, இந்த இயந்திரத்துக்கு, அவர் சொல்வது உடனே வேலை செய்யும் என்பதையும் மறுக்கமாட்டேன். சில ரவுட்டர்களில் கருவிகளுக்கென்று 2.4-இல் மட்டும் இன்னொரு பெயரைக் கூடுதலாகத் திறக்கலாம். ஆனால் சக்தி இரண்டு பெயருக்கும் பொதுவாகவே இருக்கும் என்பதால் இங்கே உதவாது.

என் விருப்பம் வேறு. நடைபாதையின் மேல் ஓரமாகக் கம்பி இழுத்து மகன் அறைக்கு அருகில் இரண்டாவது வைஃபைக் கருவி வைப்பது. ஷெல்டர் சுவரைத் துளைக்கக் கூடாது, சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதன்பின் கூடத்து 2.4-ஐ எப்படி வைத்தாலும் மகனைப் பாதிக்காது.

---

ஜூரோங்_தாத்தா · சனி, இரவு 9.20

தம்பி, கேட்டிருந்தீர்களே. எங்கள் வீட்டு ரவுட்டர் தொலைக்காட்சி அலமாரிக்குள், இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பேத்தி அளந்து பார்த்தாள். அவள் அறையில் 5-இன் அளவு -81. அலமாரிக் கதவைத் திறந்து வைத்ததும் -72.

---

மின்னலை · சனி, இரவு 9.35

தாத்தா, ஒன்பது டெசிபல் என்றால் எட்டு மடங்கு ஆற்றல். ரவுட்டரை அலமாரிக்கு வெளியே, மேலே வையுங்கள். வைத்தபின் பேத்தியிடம் இணைப்பு வேகத்தையும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

---

அகிலா_பொங்கோல் · ஞாயிறு, காலை 10.10

இப்போதைக்குச் செல்வி சொன்னபடி பெயரைப் பிரித்து 2.4-ஐ முழுச் சக்திக்குத் திருப்பிவிட்டோம். துவைக்கும் இயந்திரம் திரும்ப வந்துவிட்டது. கம்பி இழுக்க எவ்வளவு ஆகும் என்று கணவர் விசாரிக்கிறார். நடைபாதையில் ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர். மின்னலை, அந்த இரண்டாவது கருவியை மகன் அறைக்குள் வைப்பதா, நடைபாதைக் கூரையிலா? பெரிய படுக்கையறைக்கும் அதுவே எட்டவேண்டும்.